எட்டாவது கேள்வி

ஆலையில் நூல் வாங்கும் கம்பெனியின் ஆள் என்னென்ன கேட்பார் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னது மேலாளர் பொன்னுத்துரைதான். கிளாரா எட்டுக் கேள்விகள் எழுதிக் கொடுத்தாள். எட்டாவதை அவர் பேனாவால் அடித்தார்.

“இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா. நீயே எடுத்துக் குடுத்துறாத.”

சுற்றுச்சூழலுக்கு ஆலை என்ன செய்தது என்று காட்டும், திண்டுக்கல் நூற்பாலையின் நிலைத்தன்மை அறிக்கையைத் தொகுத்தவள் அவள். ஒரு கிலோ நூலுக்கு அறுபது லிட்டராக இருந்த தண்ணீர், ஒரே வருடத்தில் பதினெட்டாகிவிட்டதாம். கழிவுநீரை மறுசுழற்சி செய்த சாதனையாம். சாயப்பிரிவில் பெரும்பகுதியை மூடிவிட்டு, அந்த வேலையைக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு வெளிப்பட்டறையின் தலையில் கட்டினால் எந்த ஆலையும்தான் சாதிக்கும். பட்டறையைப் பற்றி அறிக்கையில் மூச்சு இல்லை. மரக்கன்று நட்ட படங்களுக்கு மட்டும் மூன்று பக்கம்.

பட்டறைக்கு அடுத்த தோட்டம் அவள் அண்ணன் ஆண்டனிராஜுடையது. காலையில் போன் செய்திருந்தார்.

“கெணத்துத் தண்ணி செவசெவன்னு கெடக்கு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிருது. இன்னைக்காச்சும் யாராவது கேப்பாங்களா?”

“கேப்பாங்கண்ணே.”

தானாகச் சொன்னால் வேலை போய்விடும். அவர்கள் கேட்டுவிட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். அந்த நம்பிக்கை ஒன்றைத்தான் கையில் பிடித்துக்கொண்டு கூட்ட அறைக்குள் நுழைந்தாள்.

கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் ஜமால் முகமது. அவர் ஒப்புதல் கொடுத்தால் இன்னொரு வருட ஆர்டர். பட்டறையும் இன்னொரு வருடம் ஓடும். கிளாரா ஒவ்வொரு படமாகக் காட்டி விளக்கினாள். அவர் மரக்கன்றைப் பற்றிக் கேட்டார். சூரிய மின்தகடு பற்றிக் கேட்டார். பிறகு, “தண்ணி எப்படி இம்புட்டுக் குறைஞ்சது?” என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

“ரீசைக்கிளிங் சார்,” என்று பொன்னுத்துரை முந்திக்கொண்டார்.

“நல்லது.” ஜமால் குறித்துக்கொண்டு, அறிக்கையைப் பைக்குள் வைத்தார்.

அவ்வளவுதானா? பாவி மனுஷன், இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? கிணறு போயே போய்விட்டது. அண்ணனிடம் என்ன சொல்வாள்?

“சார், ஒண்ணு கேக்காம விட்டுட்டீங்க. ரீசைக்கிளிங் கூடுனா அதுக்கான கரண்டும் கூடணும். பதினாலாம் பக்கத்துல அது பாதியாயிருக்கு. சாய நூல் விற்பனை மட்டும் கொஞ்சமும் குறையல. அப்ப சாயம் எங்க போடுறீங்கன்னு கேளுங்க.”

“கிளாரா, உக்காரு.” பொன்னுத்துரையின் முகம் இருண்டுவிட்டது.

ஜமால் அறிக்கையை மறுபடி வெளியே எடுத்தார். பதினாலாம் பக்கத்தையும் விற்பனைப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொன்னுத்துரையிடம் திரும்பினார்.

“எங்க போடுறீங்க?”

பொன்னுத்துரை பேனாவால் அடித்த அதே எட்டாவது கேள்வி. கிளாரா உட்காரவில்லை.

“குஜிலியம்பாறைல சார். எங்கண்ணன் கெணத்துக்கு அடுத்தாப்புல.”