இலவசத்துக்கு முந்நூறு ரூபாய்

ரத்தோட்டையில் வீட்டிலிருந்தபடியே போனில் அழைப்பிதழ் செய்து கொடுப்பவள் கிருஷாந்தினி. படத்தின் பின்னணியை நீக்கும் செயலி ஒரு மாதம் இலவசம் என்றதும் சபலம் தட்டியது. கார்டு எண் கேட்டார்கள். வீட்டில் இருந்ததோ கணவன் சசிக்குமாரின் ஒரே கார்டு. கொடுத்துவிட்டாள். வங்கிச் செய்தி மட்டும் அவன் போனுக்குத்தான் போகும்.

ரிவர்ஸ்டன் மலைக்கு வாடகை வேன் ஓட்டிப் போயிருந்தவன் உடனே கூப்பிட்டான்.

"என்னா வாங்குன? முந்நூறு ரூவா போயிருக்கு!"

"ஒன்னும் வாங்கலங்க. சும்மாதான் குடுக்கிறாங்க."

"சும்மா குடுக்கிறவன் எதுக்குக் காசு எடுக்கிறான்? வந்ததும் கார்ட நிப்பாட்டுறேன். ஒன் அழைப்பிதழ் வேலையும் போதும்."

வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு ஒரு பக்கம். இலவசம் என்று தான்தான் தப்பாகப் படித்தோமோ என்ற சந்தேகம் மறுபக்கம். எதையோ மாற்றி அழுத்திவிட்டோம் என்று கார்டை நீக்கிவிட்டு மறுபடி கொடுத்தாள். அவனுக்கு இன்னொரு செய்தி போனது. பதறிப்போய் திரும்பவும் கொடுத்தாள். மூன்றாவதும் போனது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள், பாவம்.

"கொஞ்சம் கொஞ்சமா தின்கிறான்!" என்று அங்கே அலறினான் அவன்.

கடைசியில், வங்கிக் கவுண்டரில் வேலை செய்யும் பள்ளித்தோழி பீபியைக் கூப்பிட்டாள்.

"கார்டு உசிரோட இருக்கான்னு பாக்குறாங்கடி," என்றாள் பீபி. "சும்மா ஒரு சின்னத் தொகைய மறிச்சு வைப்பாங்க, எடுக்க மாட்டாங்க. கொஞ்ச நாள்ல தானா விட்டுருவாங்க. நீ கார்டு குடுக்கக் குடுக்க ஒவ்வொரு தடவையும் பாக்கத்தானே செய்வாங்க? ஆனா மாசம் முடியுமுந்தி வேணாம்னு சொல்லிரு. இல்லாட்டி நெசமாவே எடுப்பாங்க."

"அப்ப மெசேஜ்ல போச்சுன்னு வந்துச்சே?"

"மறிச்சாலும் அதே மெசேஜ்தான் வரும். விட்டதுக்குச் சில நேரம் மெசேஜே வராது."

இதைச் சொல்ல அவள் எத்தனை தடவை வாயெடுத்தாலும் சசிக்குமார் காது கொடுக்கவில்லை. கார்டை நிறுத்த மாத்தளையிலுள்ள வங்கிக்குப் போகவும் வேன் ஓட்டத்தில் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது.

சில நாள் கழித்து ஒரு மாலை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"பேங்க்ல போன் போட்டு ஏசினேன். மொத்தக் காசையும் திருப்பி வாங்கிட்டேன். இனியாச்சும் புத்தியா இரு."

தானாக வந்த காசுக்குத் தம்பட்டம்! சிரிப்பும் கோபமும் ஒன்றாக முட்டின அவளுக்கு. பீபி சொன்னதை எடுத்துவிட்டால் அந்த முகம் சுண்டிப்போகும். சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

"நல்லதுங்க. நீங்க இல்லாட்டி என்னா ஆகியிருக்கும்? நாளைக்கி என்னய பேங்குக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு?"

"எம் பேர்ல ஒரு கணக்கு தொறக்கணும். கார்டும் எனக்கு, மெசேஜும் எனக்கு. இனி உங்களுக்கு யார்கிட்டயும் ஏசுற வேலை இருக்காது."