கழன்றுபோன சீட்டுகள்

காலை பத்து மணிக்கே ஊசி அறையின் ஓடு சுட ஆரம்பித்துவிடும். அந்த வெக்கையில் பனிப்பெட்டியின் மூடியைத் திறக்கும் ஒரு நொடிக்காகவே சாந்தாமணி காத்திருப்பாள். முகத்தில் மோதும் குளிரில், தான் இதுவரை பார்க்காத ஏதோ ஒரு மலை மூச்சு விடுவதுபோல் இருக்கும். உமியில் புதைந்து கோயமுத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வரும் பனிக்கட்டிக்கு மேலே தகரத்தட்டு. தட்டில் கண்ணாடிக் குப்பிகள். விரல் நீளம், இரு முனையும் உருக்கி மூடியவை.

வெறிநாய்க்கடி மருந்து கலங்கலாக இருக்கும், விடியற்காலை மூடுபனியை அடைத்து வைத்ததுபோல. ரண ஜன்னிக்கான டெட்டனஸ் சீரம் தெளிந்தது, லேசான வைக்கோல் நிறம். சாந்தாமணிக்கு மூடுபனிதான் பிடிக்கும். குலுக்கினால் அடியில் படிந்தது மெல்ல எழுந்து சுழலும். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். நர்சுப் பயிற்சியில் இதற்குப் பெயர் கவனக்குறைவு.

"நர்சம்மா, எங்க போயிட்டீங்க? ஊசி குத்தறதுக்கு முன்னாடியே நீங்க தூங்கிப்போட்டா எப்படிங்க?"

பெஞ்சில் படுத்திருந்த ராசாத்தாள் சிரித்தாள். வலது கன்னத்தில், உதட்டுக்குச் சற்று மேலே, நாயின் பல் பதிந்த நான்கு புள்ளிகள். சோமனூருக்கு மேற்கே பருத்திக் காட்டில் கூலிக்குப் போனவளைக் கடித்த நாய் மூன்றாம் நாள் செத்துப்போனது. முகத்தில் கடித்தால் விஷம் தலைக்கு ஏற அதிக நாளாகாது என்று டாக்டர் ராமுலு சாந்தாமணியிடம் மட்டும் சொல்லியிருந்தார். பதினான்கு நாள், நாளுக்கு ஒன்று, வயிற்றில். இன்று ஐந்தாவது.

"தூங்கலைங்கக்கா. படிக்கிறேன், கேளுங்க."

அது டாக்டர் வைத்த விதி. குப்பியை உடைக்குமுன் அதில் ஒட்டியிருக்கும் சீட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும்: பெயர், பேட்ச் எண், எந்தத் தேதிவரை செல்லும், எப்படி வைக்க வேண்டும். படித்ததை நோட்டில் எழுத வேண்டும். நான்கு நாளில் ராசாத்தாளுக்கு அது பாட்டுப்போல ஆகிவிட்டது. இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உதடசைப்பாள், சாமி பெயர் சொல்வதுபோல.

சாந்தாமணி குப்பியை எடுத்துக் குலுக்கினாள். மூடுபனி எழுந்தது. குளிர் விரலில் இருந்தது; வாய் தானாகப் படித்தது.

"ஆன்டி டெட்டானிக் சீரம். ஆயிரத்தைந்நூறு யூனிட். பேட்ச்..."

"இருங்க அம்மணி." ராசாத்தாள் கண்ணைத் திறந்தாள். "நேத்து வேற பேருங்களே சொன்னீங்க. ரேபிக்குன்னு ஒண்ணு வரும். அறுபத்தி நாலுன்னு வரும். இன்னிக்கு அந்தச் சத்தமே காணோம்."

சாந்தாமணி சீட்டைப் பார்த்தாள். சீட்டில் சீரம். உள்ளே மூடுபனி. ஒரு கணம், தான் இன்னும் விழிக்கவில்லை என்றுதான் தோன்றியது. இது கனவின் குப்பி, கனவில் எல்லாப் பொருளுக்கும் வேறொன்றின் பெயர் இருக்கும். பிறகு விரலில் பிசுபிசுப்பு. முகர்ந்தாள். நெசவுக்குப் போடும் பாவுக் கஞ்சியின் வாசம்.

"மயிலாக்கா!"

வார்டு வேலைக்காரி மயிலாத்தாள் ஈரக் கையோடு வந்தாள். நெசவாளி வீட்டுப் பெண். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"ஏனுங்க? சரியா ஒட்டலீங்களா?" என்றாள் பெருமையோடு. "உமி போயி பெட்டித் தண்ணி வடியற ஓட்டையை அடைச்சுப்போட்டதுங்க. ராத்திரி பூராத் தண்ணி தட்டுமேல நின்னு, காலையில பாத்தா சீட்டெல்லாம் மீனாட்டம் மெதக்குது. பெட்டியில இருக்கற துண்டுக் காகிதங்கூட வீணாகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? குப்பியை ஈரத்துணியில சுத்தி நெழல்ல வச்சுட்டு, சீட்டை மட்டும் வெயில்ல உலர்த்தி, கஞ்சி தடவி ஒவ்வொண்ணா ஒட்டிப்போட்டேன். ஒண்ணுகூட மிச்சமில்லைங்க."

ராசாத்தாள் பெஞ்சில் இருந்தபடியே, "நல்லா ஒட்டினே போ. ரெண்டு ஊட்டு மாப்பிள்ளையை மாத்தி உக்கார வச்சாப்பல" என்றாள்.

சாந்தாமணியால் சிரிக்க முடியவில்லை. குப்பிகளை மேசைமேல் பரப்பினாள். தெளிந்தவை ஒருபுறம், கலங்கலானவை ஒருபுறம். எந்த மருந்து என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் கலங்கலானவை பதினாறு. அவற்றில் பத்து, போன வாரம் குன்னூரிலிருந்து வந்த அறுபத்து நான்காம் பேட்ச், ஆகஸ்ட்வரை செல்லும். ஆறு, அறுபத்தொன்றாம் பேட்ச், மார்ச்சோடு காலாவதி. இது ஏப்ரல். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தனிக் கிண்ணத்தில் வைத்து, நாளைக்கு, நாளைக்கு என்று அதே பெட்டியிலேயே விட்டிருந்தது அவள்தான். மயிலாத்தாள் எல்லாவற்றையும் ஒரே துணியில் சுற்றியிருந்தாள். ஒரே கண்ணாடி, ஒரே மூடுபனி. எது எது என்று சொல்லக்கூடியதெல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் இருந்தது.

பத்துக்கு ஆறு. ஒன்றை எடுத்துப் போட்டால் நல்லதாகவே இருக்கலாம். கெட்டதானாலும் இரண்டு வாரம்தானே கடந்தது. யாருக்கும் தெரியாது. இந்த நினைப்பு வேறு யாருடைய குரலிலோ, மிக இனிமையாக வந்தது. தனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று சாந்தாமணி வியந்தாள். எப்போதும் தூக்கத்தின் ஓரத்தில் நின்று, எல்லாம் சரியாகிவிடும் என்று முணுமுணுப்பவள். கிண்ணத்தைப் பெட்டியிலேயே விடச் சொன்னதும் அவள்தான்.

ராசாத்தாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்து நான்கு புள்ளிகளும் பார்த்தன.

"அக்கா, இன்னிக்கு இந்த மருந்தைப் போடமாட்டேன். இதுல உசுரு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியலை. பழசு இருந்த கிண்ணத்தை நான்தான் இதோட விட்டுவச்சேன்."

சொல்லி முடித்ததும் அறை முழுவதும் விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. மயிலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ராமுலு வந்து, நடந்ததைக் கேட்டு, ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நேத்துவரைக்கும் போட்டது?"

"சீட்டு நனையறதுக்கு முன்னாடிங்க. நாலும் அறுபத்து நாலு. நோட்டுல இருக்குங்க."

"அது போதும். இதுல ஒண்ணும் வேண்டாம், சீரமும் வேண்டாம். பேரு கலைஞ்ச பெட்டியில எதையும் நம்பக்கூடாது." எல்லாவற்றையும் வாளியில் உடைக்கச் சொன்னார். "தந்தி அடிச்சு மருந்து வர ரெண்டு நாளாகும். ராசாத்தா, நீ குன்னூர் மலைக்குப் போயிரு. மருந்து செய்யற எடத்துலயே மீதி ஊசியைப் போட்டுக்க. ரயில் பாஸ் எழுதித் தாரேன். சாயந்தர வண்டி, ராத்திரி மேட்டுப்பாளையத்துல தங்கு, காலையில மலை வண்டி."

"எருமையை ஆருங்க பாப்பாங்க? எங்கூட்டுக்காரருக்கு எருமைக்கு எந்தப் பக்கம் வாலுன்னே தெரியாதுங்களே!"

"அவரையும் கூட்டிட்டுப் போ."

"அப்ப எருமைதான் ஊட்டைப் பாத்துக்கோணும்," என்றாள். பிறகு, "போகாட்டி?" என்று கேட்டாள்.

டாக்டர் அவள் கன்னத்துப் புள்ளிகளைப் பார்த்தார். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

சாந்தாமணி ஒரு காகிதத்தில் எழுதினாள். ராசாத்தாள், வயது முப்பத்திரண்டு. கடி, வலது கன்னம். கடித்த தேதி. ஊசி நான்கு, தேதிகள். பேட்ச் அறுபத்து நான்கு. ஐந்தாம் நாள் போடவில்லை. அடுத்து, 'காரணம்' என்று எழுதிப் பேனாவை நிறுத்தினாள். பிறகு எழுதினாள்: எங்கள் தவறு. மடித்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, ராசாத்தாளின் முந்தானையில் முடிந்தாள்.

"மழையில நனைஞ்சாலும் அழியாதுங்கக்கா."

"நம்ம ஊர்ல எங்க அம்மணி மழை." வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "அதை ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க. அங்க வேற யாராச்சும் படிக்கறப்ப சத்தம் மாறுதான்னு நான் பாக்கோணுமில்ல."

முடிச்சை மறுபடி அவிழ்த்து, சாந்தாமணி படித்தாள். கடைசி இரண்டு சொற்களையும் விடாமல் படித்தாள். ராசாத்தாள் கண்ணை மூடி, உதடசைத்துக் கேட்டுக்கொண்டாள். பின்னால் மயிலாத்தாள் ஒரு குச்சியால் பனிப்பெட்டியின் ஓட்டையைக் குத்திக்கொண்டிருந்தாள். அடைபட்டிருந்த உமி நகர, தண்ணீர் மெல்ல வடிய ஆரம்பித்தது.