முப்பத்தொன்பதாம் கேள்விக்கு இரண்டு விடை

கணக்கு டீச்சருக்குக் கோபம் மூக்கின் நுனியில்தான் இருக்கும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மதியம் அவர் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். பதினெட்டு வருஷமாக ஊரார் பெற்ற பிள்ளைகளின் தப்பையெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்தவர். இன்று சுழிக்க வேண்டியிருந்தது அவருடைய தப்பை.

மார்க் ஷீட்டை வெள்ளிக்கிழமையே கொடுத்தாயிற்று. சிட்டு தொண்ணூற்று மூன்று, முதல் ரேங்க். சிட்டு என்பது டியூஷனில் வைத்த பெயர். எட்டாம் வகுப்புக்கு வந்தும் ஆறாம் வகுப்புப் பிள்ளை போல இருப்பாள். விடைத்தாள்களை இன்று வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு முன்னால் கேள்வி வாரியாக மார்க்கை நோட்டில் ஏற்றும்போதுதான், சிட்டுவுக்கு முப்பத்தொன்பதாம் கட்டத்தில் இரண்டு எண் வந்து நின்றது. அங்கே ஒரு எண்தான் வர வேண்டும்.

மூடி மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் முதல் ரேங்க் வந்திருக்க வேண்டிய பையன் வெள்ளிக்கிழமை அழுதுகொண்டே போனான். தாள் வீட்டுக்குப் போனால் எந்தப் பெற்றோரும் விரல் விட்டுக் கூட்டிப் பார்ப்பார்கள். மற்ற இருபத்தொரு தாளையும் திரும்பக் கூட்டினார். அவற்றில் பிழையில்லை. பிறகு நாலு முறை கிழித்துப் போட்டு, ஐந்தாவது தாளில் எழுதினார்.

'அன்புள்ள பெற்றோருக்கு. வெள்ளிக்கிழமை கொடுத்த மார்க் ஷீட்டில் ஒரு தவறு இருக்கிறது. தவறு என்னுடையது. கடைசிப் பகுதியில் 39, 40 என இரண்டு கேள்விகள், தலா பத்து மார்க். ஒவ்வொன்றிலும் "அ அல்லது ஆ" என ஏதாவது ஒன்றை எழுதினால் போதும். உங்கள் மகள் 39-இல் இரண்டையும் எழுதியிருக்கிறாள். அ-வுக்குப் பத்து, ஆ-வுக்கு ஆறு. அப்படி எழுதினால் இரண்டில் அதிகமானதை மட்டுமே சேர்க்க வேண்டும். நான் இரண்டையும் சேர்த்துவிட்டேன். 40-இல் அவள் வாங்கியது நான்கு. பத்தும் ஆறும் நான்கும் இருபது ஆகிவிட்டதால், அந்தப் பகுதிக்கு முழு மார்க் என்று நினைத்து ஏமாந்தேன். அங்கே வர வேண்டியது பதினான்கு. மற்ற மூன்று பகுதிகள் 19, 18, 36. மொத்தம் 93 அல்ல, 87. 92, 90, 88 வாங்கிய மூவர் முன்னால் வருவதால் ரேங்க் நான்கு. உங்கள் மகள் எதிலும் குறையவில்லை. நான்தான் கூட்டிக் கொடுத்துவிட்டேன்.'

கடிதத்தைச் சிட்டுவின் கையில் கொடுத்தனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. போன பரீட்சையில் மூன்றிலிருந்து ஏழாவதாக இறங்கிய மறுநாள், வேகிற வெயிலில் அந்தப் பெண் முழுக்கைச் சட்டையோடு வந்தாள். கணக்குப் போடும்போது சட்டைக்கை மேலேறி, முழங்கைக்கு மேல் கன்றிப்போன தடிப்புகள் தெரிந்தன. டீச்சர் பார்த்தார். வீட்டு விஷயம் என்று பேசாமல் இருந்துவிட்டார். அந்த வெட்கம் இப்போது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. நேரில் போய், தப்பு என்னுடையது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பிள்ளை தப்பித்துவிடுவாள் என்று நம்பினார்.

அப்பா டயர்க்காரர். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. டீச்சர் போனபோது பள்ளிக்கூடம் விட்டு வந்த சிட்டு வாசற்படியில் ஷூ கழற்றிக்கொண்டிருந்தாள். காற்றடிக்கும் மெஷினுக்கு மேலே வெள்ளிக்கிழமை மார்க் ஷீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

டயர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, உதடு அசைய, கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"டீச்சர், கடைக்கு வர்றவன் போறவன் எல்லாருக்கும் சொல்லிட்டேன். இப்ப நாலுன்னா என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

"தப்பு என்னோடதுங்க. எழுதியிருக்கேன் பாருங்க. முப்பத்தொன்பதுல அவ எழுதின ரெண்டு விடையையும் நான்தான் சேர்த்துக் கூட்டிட்டேன். பொண்ணு மேல ஒண்ணும் இல்ல."

"ஆறு மார்க்கு குறைஞ்சிருக்குல்ல?"

"குறையலங்க. அது அவ வாங்கினதே இல்ல."

"தொண்ணூத்தி மூணு எண்பத்தி ஏழாச்சுன்னா எனக்குத் தெரிஞ்சு ஆறு குறைவு." அவர் சுவரில் தொங்கிய பழைய லாரி ஃபேன் பெல்ட்டை எடுத்தார். "உங்க டியூஷன்ல என்ன ரூலு? குறைஞ்ச ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு அடி. சேர்க்க வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க? அதுக்காகத்தானே உங்ககிட்ட விட்டேன். ஏய், வாடி இங்க!"

 டீச்சர் சொன்னதுதான். போன வாரம்கூட இதே பிள்ளையின் கையில் ஸ்கேலால் இரண்டு போட்டிருந்தார்.

பெல்ட் முதலில் சிட்டுவின் தோளில் விழுந்தது. அவள் கத்தவில்லை, அதைப் பார்க்கத்தான் டீச்சருக்குத் தாங்கவில்லை. உள்ளேயிருந்து ஓடி வந்த அம்மா, "ஏங்க, விடுங்க, புள்ள செத்துருவா!" என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறிய உதறலில் போய் இரும்பு ரிம்மில் மோதினாள். நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது.

டீச்சர் குறுக்கே பாய்ந்தார். "கூட்டினது என் கை. இதுல அடிங்க!"

வெறும் பேச்சுக்குத்தான் நீட்டினார். பெரிய மனுஷியை அடிக்க மாட்டார் என்ற தைரியம். டயர்க்காரர் அடித்தார். சிட்டு வாங்கியதையும் சேர்த்து மூன்றாவது அடியில் மோதிர விரல் எலும்பு முறிந்தது டீச்சருக்கே கேட்டது. மிச்ச மூன்றையும் அவர் எண்ணி எண்ணிப் போட்டார். டீச்சர் மண்டியிட்டு விழுந்தார்.

"மார்க்குக் கணக்கு முடிஞ்சுது," என்று மூச்சு வாங்கினார் டயர்க்காரர். "இனி ரேங்க்கு. ஒண்ணுலேருந்து நாலு. அது மூணு." பிள்ளையின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

அதற்குப் பிறகு டீச்சர் யோசித்ததாகச் சொல்ல முடியாது. டயர் கழற்றும் லிவர் தரையில் கிடந்தது. முழுசாக இருந்த இடது கையால் எடுத்து, முடியைப் பிடித்திருந்த மணிக்கட்டில் ஓங்கிப் போட்டார். எலும்பு நொறுங்கியது. டயர்க்காரர் அலறிக்கொண்டு சரிந்தார். டீச்சர் அவருடைய முழங்காலில் இன்னொன்று போட்டார். அது போதும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மூன்றாவதைத் தோளில் போட்டார், போட்டபோது உள்ளுக்குள் இனித்தது. பதினெட்டு வருஷக் கை, எங்கே எவ்வளவு வலிக்கும் என்று அதற்குத் தெரியும்.

தெருவில் ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. அம்மா முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, கணவனையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சிட்டு," என்று திரும்பினார் டீச்சர். "இனி ஒண்ணும் இல்லம்மா. என்கிட்ட வா."

சிட்டு டயர் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டியிருந்தாள். டீச்சரின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. லிவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வெளியே வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"இனிமே ஒண்ணு மட்டும்தான் எழுதுவேன் டீச்சர்," என்றாள்.