மிஸ் இல்லை

இசிஜி அறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு ஒரு குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. படுத்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தில் ஓடும் கோட்டைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு ‘இசிஜி அக்கா’ என்றே பெயர். அவளை வெறும் அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான், பஸ் டெப்போவில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்த அவள் தம்பி.

ஒன்பது மாதத்துக்கு முன்பு, படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் என்னமோ படபடக்கிறது என்று அவன் வந்தபோது, கோடு எடுத்ததும் அவள்தான். துடிப்புகள் ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில் என்று கண்டபடி விழுந்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய சின்ன மேடு எங்கேயும் இல்லை. துடிப்புகளுக்கு நடுவே ஓடிய கோடு மட்டும் குளிரில் உதடு நடுங்குகிற மாதிரி நடுங்கியது. இதயம் தாளம் தப்பி ஓடுகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இதய டாக்டர் நன்றாகத்தான் விளக்கினார். பாதி இங்கிலீஷ், பாதி படம். அவனுக்கு ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதால், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஒரு மாத்திரையைத் தினமும் போடச் சொன்னார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் தம்பி அவளைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, அவரு பரீட்சைக்குப் பாடம் நடத்துற மாதிரி நடத்திட்டாரு. நீ தமிழ்ல சொல்லு.”

உள்ளே ஏழு பேர் காத்திருந்தார்கள். அவள் கதவைப் பிடித்தபடியே சொன்னாள்: “உன் எஞ்சின் மிஸ் அடிக்குதுடா, துடிப்பு தப்பித் தப்பி விழுது. அதுக்குத்தான் இந்த மாத்திரை.”

“அட! இவ்வளவுதானா? டீசல் ஃபில்டரைக் கழட்டித் துடைச்சா போதுமே.”

“உன் வாயைக் கழட்டித் துடைக்கணும் முதல்ல. ஒரு வேளை கூட விடாம போடு.”

மணிக்கட்டில் எங்கே விரல் வைத்து நாடி பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாள். அதில் அவளுக்குப் பெருமைகூட. மெக்கானிக்குக்கு மெக்கானிக் பாஷையில் புரிய வைத்துவிட்டோம் என்று அன்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து இசிஜிக்கு ஆள் கேட்டார்கள். இசிஜி மெஷின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கட்டிலில் தம்பி. சட்டையில் கிரீஸ் கறை. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. வலது கை துணி மாதிரி தொங்கியது. பத்து மணிக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நழுவியது என்று டெப்போ ஃபோர்மேன் சொன்னார். பேச முயன்றால் “ம்... ம்...” என்பதற்கு மேல் வரவில்லை.

மூளை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடைப்புதான் என்றார் அவசரப் பிரிவு டாக்டர், சின்ன வயசுப் பெண். “அடைப்பு வந்ததுலேருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரா?”

“சாப்பிடுறான், டாக்டர்.”

“கடைசியா எப்போ?”

“காலைல எட்டு மணிக்கு. ஒரு வேளை விடமாட்டான்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பார்க்கணுமா, டாக்டர்? அவன் என் தம்பி.”

அவன் இடது கை அசைந்தது. செத்த மாதிரி கிடந்த வலது மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, அதன்மேல் இரண்டு விரலை வைத்து அழுத்தினான். அவளைப் பார்த்தான். மறுபடி அழுத்தினான். பயந்துபோயிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கையை எடுத்து மெத்தையில் அமுக்கினாள்.

“ஆட்டாதடா. ஆட்டினா கோடு ஆடும்.”

கோடு வந்தது. அளந்து வைத்த மாதிரி சீராக, ஒவ்வொரு துடிப்புக்கு முன்னாலும் அந்தச் சின்ன மேட்டோடு. அந்த நிலையிலும் ஒரு நொடி அவள் மனசு குளிர்ந்தது.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். “காலைல மாத்திரை போட்டிருந்தா ஊசி போட முடியாதுங்க. மூளைக்குள்ள கசிஞ்சிடும். மருந்து ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்குற டெஸ்ட்டும் நம்மகிட்ட கிடையாது. கட்டி இருக்கிறதும் சின்ன கிளைக்குழாய்ல. கம்பி விட்டு எடுக்க வழியில்ல.”

தம்பி மனைவி ஓடிவந்தபோது மணி பன்னிரண்டு. அவளிடமும் டாக்டர் கேட்டார். “தெரியலீங்க, மாத்திரையெல்லாம் அவரே பையில வச்சுக்குவாரு,” என்றவள், நாத்தனாரைப் பார்த்து, “அண்ணிக்குத்தான் தெரியும்,” என்றாள். ஆமாம் என்று அண்ணி தலையை ஆட்டினாள்.

நாலு மணிக்கு ஃபோர்மேன் டெப்போவிலிருந்து அவன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே டிபன் பாக்ஸ், பிரிக்காத மாத்திரை அட்டைகள் நாலு, ஒரு சின்ன நோட்டு. பஸ்களுக்கு எழுதுகிற மாதிரியே தனக்கும் எழுதி வைத்திருந்தான். தேதி, நாடி, மாத்திரை என்று கோடு போட்டு மூன்று பத்தி.

‘மிஸ் இருக்கு. காலை 1, இரவு 1.’
‘மிஸ் இல்லை. மாத்திரை வேண்டாம்.’
‘மிஸ் இல்லை. மாத்திரை வேண்டாம்.’

கடைசிப் பதினோரு நாளும் ‘மிஸ் இல்லை’. அன்றைய தேதியிலும் அதே.

நோட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினாள். அவர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை மணி நேரம் இரண்டரைக்கே முடிந்திருந்தது.

“கரைக்கிற ஊசி போட்டிருந்தாலும் கை முழுசா திரும்பியிருக்கும்னு சொல்ல முடியாது,” என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னது. அது உண்மையும்தான். ஆனால் அவளுக்கு அது எங்கேயும் ஒட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார்கள். அவள் அட்டையோடு வார்டுக்குப் போனாள். அன்றைக்கு வராந்தாவில் நின்று சொல்லாததை நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னாள்.

“மிஸ் அடிக்கிறதை இந்த மாத்திரை சரி பண்ணாதுடா. அது வேற வேலை. இதயத்தோட மேலறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளணும். தள்ளாம சும்மா நடுங்குது. அங்க ஓரத்துல காது மாதிரி ஒரு சின்னப் பை இருக்கு. அதுல ரத்தம் தேங்கும். உன் டீசல் டேங்க் அடியில கசடு கட்டுதே, அப்படி இறுகிக் கட்டியாகும். ஒரு நாள் பிச்சுக்கிட்டு மூளைக்கு ஏறிடும். எஞ்சின் நல்லா ஓடுற அன்னிக்கும் ஏறும். நீ தூங்குறப்ப மிஸ் அடிச்சா உனக்கு எப்படித் தெரியும்? கட்டி சேரவிடாம தடுக்கிறதுதான் மாத்திரை. அதோட காவல் ஒரு நாள், ரெண்டு நாள்தான் நிக்கும். அதனாலதான் தினமும்.”

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

“இன்னொண்ணு.” தண்ணீர் டம்ளரை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “அன்னிக்கு நீ காலைல மாத்திரை போட்டேன்னு டாக்டர்கிட்ட நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அதனாலதான் ஊசி போடல.”

அவன் இடது கை எழும்பி வலது மணிக்கட்டுக்குப் போனது. இரண்டு விரலை வைத்து அழுத்தினான். அவளைப் பார்த்தான். மறுபடி அழுத்தினான். அதே சைகை.

இந்தமுறை அவள் அந்தக் கையைத் தொடவில்லை. காத்திருந்தாள். உதடு கோணி, தொண்டை ஏறி இறங்கி, வார்த்தை துண்டாக வந்து விழுந்தது.

“சொன்... னேன்.”

“ஆமாடா,” என்றாள். “மாத்திரை போடலன்னு அன்னிக்கே நீ சொன்னே.”

மாத்திரையைப் பிரித்து அவன் இடது உள்ளங்கையில் வைத்தாள். அவன் விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.