ஏழுக்கு ஏழு டிக்

பார்க்காமல் டிக் போடுகிறவர்களைக் கவிப்பிரியாவுக்கு அறவே ஆகாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்யும் கம்பெனியொன்றில் மூன்று வருடமாக அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். காலையில் ஆபரேட்டர்கள் ஆயில், கூலண்ட், காற்றழுத்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மெஷினில் தொங்கும் தாளில் டிக் போட வேண்டும். ஆபரேட்டர் ரவிச்சந்திரனோ டீ குடித்துக்கொண்டே மேலிருந்து கீழ் வரை ஒரே மூச்சில் போட்டு முடிப்பார். வாரம் இரண்டு முறையாவது அவரை நிற்க வைத்து வறுத்தெடுப்பாள்.

அவளுக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருட பி.இ.யில் சேரலாம் என்பதால் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் வாங்கி, வேலையை விடுவதாக எழுதியும் கொடுத்துவிட்டாள். கணிதத் துறை ஹேமாவதி மேடம் அக்கறையாக எழுதியிருந்தார்: நீங்கள் முதல் வருடக் கணக்கைப் படிக்காமல் வருகிறீர்கள், வந்ததும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், கீழே உள்ளவற்றைத் தூசி தட்டி வையுங்கள். ப்ராடக்ட் ரூல், செயின் ரூல், பார்ஷியல் டெரிவேட்டிவ், சப்ஸ்டிட்யூஷன், இன்டெக்ரேஷன் பை பார்ட்ஸ், பார்ஷியல் ஃப்ராக்‌ஷன், லாக்-எக்ஸ்போனென்ட் விதிகள். புத்தகம் பார்க்காமல் செய்ய வருவதற்கு மட்டும் டிக் போட்டு அனுப்புங்கள், மற்றதை இரண்டு வாரம் தனி வகுப்பில் சொல்லித் தருகிறோம்.

கடிதம் வந்தது டீ பிரேக்கில். கையில் பேனா, எதிரில் கட்டம் போட்ட தாள். மூன்று வருடப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. மேலிருந்து கீழே ஏழு டிக். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு வடையைக் கடித்தாள்.

பக்கத்திலிருந்த ரவிச்சந்திரன் தாளை எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், அல்லாத்துக்கும் டிக்கா? நெசமா தெரியுமா?" என்று கேட்டார். அப்போதுதான் அவளுக்கு வடை தொண்டையில் நின்றது. செயின் ரூல் என்றால் அவளுக்கு நினைவுக்கு வந்தது ஆவடி பஸ்ஸில் பார்த்த ஒரு சங்கிலி மட்டும்தான்.

போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஊரையே டிக்குக்காகத் திட்டிய வாய், எப்படித் திறக்கும்? தனி வகுப்புக்குப் போய் அமைதியாகப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கல்லூரியில் முதல் நாளே அந்தச் சமாதானமும் போயிற்று. டிப்ளமோவிலிருந்து வந்தவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். ஹேமாவதி மேடத்தின் முகத்தில் அவ்வளவு பெருமிதம். பன்னிரண்டு பேரும் ஏழுக்கு ஏழு டிக் போட்டிருக்கிறீர்கள், என் சர்வீஸில் இப்படி ஒரு பேட்ச் பார்த்ததில்லை, தனி வகுப்பை ரத்து செய்துவிட்டேன் என்றார். அந்த வகுப்பு இல்லையென்றால் இந்தப் பேப்பரில் அரியர் நிச்சயம். விட்டுவிட்டு வந்த வேலைக்கும் திரும்ப முடியாது. கவிப்பிரியாவுக்கு அழுகையே வந்தது.

எல்லாருக்கும் முந்திப் பதில் அனுப்பியது அவள்தானாம். அதற்குப் பரிசாக அவளையே பலகைக்குக் கூப்பிட்டார். dy/dx = xy. தீர்த்துக் காட்டு என்றார்.

எப்படியோ y-ஐ ஒரு பக்கமும் x-ஐ மறுபக்கமும் பிரித்தாள். டிப்ளமோவின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ln y = x²/2 + C வந்து விழுந்தது. லாகை எடுத்துவிட்டு, y = e^(x²/2) + C என்று முடித்தாள். பின்னாலிருந்து ஜஸ்டின் என்பவன் கைதட்டினான். அவனுக்கு இதுகூட வராது போலிருக்கிறது.

கவிப்பிரியாவுக்கோ பலகையை விட்டு நகர மனம் வரவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் அனுப்பியவள் இல்லை அவள், அந்த ஒரு தாளைத் தவிர. தன் விடையையே டிஃபரன்ஷியேட் செய்தாள். இடப்பக்கம் x·e^(x²/2). வலப்பக்கம் xy போட்டுப் பார்த்தால் அதே x·e^(x²/2), கூடவே ஒரு Cx. இரண்டும் பொருந்தவில்லை.

"மேம், இது தப்பு. C கூட்டலா வரக்கூடாது போல. ஆனா எப்படி வரணும்னு எனக்குத் தெரியல. லாக் விதி தெரியல. அந்த ஏழுல ஆறு தெரியாது. பார்க்காமலே டிக் போட்டுட்டேன்."

தெரிந்த அந்த ஒன்று எது என்று யாரும் கேட்கவில்லை. ஜஸ்டின் நானும்தான் என்பதுபோல மெல்லக் கை தூக்கினான். அப்புறம் வரிசையாக மீதிப் பத்துப் பேரின் கைகளும்.

ஹேமாவதி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். C பெருக்கலாக வரும், y = A·e^(x²/2) என்று எழுதினார். பிறகு பலகையைப் பார்த்தபடியே, "உங்க தாளை எல்லாம் நானும் ஒண்ணொண்ணா பார்க்கலம்மா. எல்லாம் ஏழுக்கு ஏழுன்னு ஆபீஸ்ல கட்டா குடுத்தாங்க, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து போட்டுட்டேன்" என்றார்.

முழுப் பலகையையும் அழித்துவிட்டு, மேலே ப்ராடக்ட் ரூல் என்று எழுதினார். கவிப்பிரியா முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் எத்தனையோ கியரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், எதற்கும் இவ்வளவு நிம்மதி வந்ததில்லை.