௧௮௬ என்றால் எவ்வளவு?

சித்தப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் யார் வந்து சொன்னாலும் அசைய மாட்டார். அறிக்கை முழுக்கத் தமிழ் எண்தான் என்று, அந்த வெளிநாட்டு ஊரின் தமிழ்ச் சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். தேதி, அட்டவணை, பக்க எண் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அச்சுக்குப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கும் அண்ணன் மகள் பெரியவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

அறிக்கை அவள் தங்கையுடையது. நர்ஸ் வேலை பார்க்கும் சின்னவள், வாரத்தில் ஒரு நாள் நகரசபை சங்கத்துக்கு விட்டிருந்த கட்டடத்தின் சாமான் அறையில் உட்கார்ந்து, வயதானவர்களுக்கு பிரஷர் பார்த்து எழுதி வைத்திருந்தாள். அந்த அறையை இப்போது நகரசபை திரும்பக் கேட்கிறது. அறிக்கையைக் காட்டி, இது எத்தனை பேருக்கு உதவுகிறது என்று புரியவைத்தால் அறை தங்கும். இல்லாவிட்டால் சின்னவள் பிரஷர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆகவே ஒரு பக்கம் தமிழ், எதிர்ப் பக்கம் நகரசபைக்காரர்களின் மொழி. நடுவில் அட்டவணை மட்டும் ஒன்றே ஒன்று. இரண்டு தடவை அச்சடிக்கக் காசில்லை, தலைப்புகளை இரண்டு மொழியிலும் போட்டு எண்களைப் பொதுவாக விட்டிருந்தாள் பெரியவள். பொதுவாக இருக்க வேண்டிய எண்ணைத்தான் சித்தப்பா தமிழுக்கு மாற்றச் சொன்னார்.

“நம்ம எண் நமக்கே தெரியலைன்னா எப்படிம்மா? ஒரு தடவை போட்டுப் பாரு. பழகிடும்” என்றார்.

சரி, போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். கணினியில் ஒவ்வொரு எண்ணையும் தேடி மாற்றும் வேலை, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. முடித்துவிட்டுப் பார்த்தால் கூத்து. கணக்குத் தாளுக்குத் தமிழ் எண் வெறும் எழுத்தாகத் தெரிந்ததால், வரைபடத்தில் உயரமாக நின்ற கம்பங்கள் எல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன. பின் அட்டையில் இருந்த தொலைபேசி எண்ணும் மாறிப்போயிருந்தது. சங்கத்தின் இணைய முகவரியில் இருந்த ஒரு எண்ணும் சேர்ந்து மாறியதில் அது எங்கும் போகாத முகவரி ஆகிவிட்டது. பெரியவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

சித்தப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. தொலைபேசியையும் முகவரியையும் விட்டுவிடு, வரைபடத்தைப் பழையபடி வை, மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணினார். பொருளடக்கத்தைத் தானே தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். பிழை திருத்தவும் தானே உட்கார்ந்தார், வரிக்கு வரி அளவுகோலை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை. ஒரு குறை கிடையாது என்று கையெழுத்தும் போட்டார்.

அன்று மத்தியானமே பெரியவள் அச்சகத்து மேசையில் இரண்டு தாளை விரித்தாள். ஒன்று அவர் கையெழுத்துப் போட்ட தாள். இன்னொன்று அதே அட்டவணை, 1, 2, 3 என்று. சின்னவளும் வேலை முடிந்து வந்து சுவரோரம் நின்றாள். சண்டை வந்தால் விலக்க ஓர் ஆள் வேண்டுமே.

முதலில் பொருளடக்கத்தைக் கொடுத்து, அட்டவணைப் பக்கத்தை எடுக்கச் சொன்னாள். பொருளடக்கத்தில் ௪௰௭ என்று இருந்தது. சித்தப்பா புரட்டினார், இன்னும் புரட்டினார். அவர் பழைய முறைப்படி பத்துக்குரிய குறியைச் சேர்த்து எழுதியிருந்தார். பக்கத்தின் அடியிலோ கணினி போட்ட ௪௭. அவர் தேடிய உருவம் புத்தகத்தில் எங்குமே இல்லை.

“ரெண்டும் நாப்பத்தேழுதானே” என்றார், கொஞ்சம் அசடு வழிந்தபடி.

பெரியவள் வெற்றிக்கொடி நாட்டவில்லை. தேதிக்கு வந்தாள். 03/04 என்பதை எந்த எண்ணில் எழுதினாலும் ஒருத்தருக்கு மார்ச், இன்னொருத்தருக்கு ஏப்ரல். மாதத்தை எழுத்தில் போட்டால் யாருக்கும் குழப்பமில்லை என்றாள். அதற்கு அவர் சட்டென்று தலையாட்டினார், அது கட்சி சேராத யோசனை. ஆனால் அட்டவணையில் கைவைக்க விட மாட்டேன் என்று தமிழ்த் தாளை எடுத்து ஆசையாகப் பார்த்தார்.

“எவ்வளவு லட்சணமா இருக்கு பாரும்மா.”

இருக்கத்தான் செய்தது. பெரியவளே அதை மறுக்கவில்லை. அந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு அவர் மற்றதைச் சும்மா கையில் எடுத்தார், வேண்டா வெறுப்பாக, விரலை ஓடவிட்டபடி. விரல் பாதித் தாளில் நின்றுவிட்டது.

அந்த வரியில் ஆண், 72, 186/104 என்று இருந்தது.

“யாருடா இது, இவ்வளவு ஏறிக் கிடக்கு? இந்த ஆள் உயிரோட நடமாடுறானா?” என்று கேட்டவரின் விரல் வயதுக் கட்டத்துக்குத் திரும்பியது. பட்டியலில் அவரைத் தவிர எழுபத்திரண்டு வயது ஆண் வேறு யாரும் இல்லை. சங்கத்திலும் இல்லை.

சின்னவள் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். போன மாதம் பார்த்த அன்றே சொன்னேனே சித்தப்பா, டாக்டர்கிட்ட போங்கன்னு, தலையாட்டிட்டு மீட்டிங் இருக்குன்னு ஓடிட்டீங்க என்றாள். பெரியவளும்தான் இந்த வரியைத் தமிழ் எண்ணாக மாற்றினாள், ஒரு நொடிகூட உறைக்கவில்லையே.

அவர் தமிழ்த் தாளில் அதே வரியைத் தேடிப்பிடித்தார். ௧௮௬. அளவுகோலை வைத்து இரண்டு தடவை தாண்டிப்போன இடம்.

“இப்படிப் பார்த்தப்ப அழகா இருந்துச்சு. அப்படிப் பார்த்தா பயமா இருக்கு” என்றார் மெல்ல. பிறகு, “எனக்கே இப்படின்னா, படிக்க வர்றவங்களுக்கு?” என்றார்.

அன்று சாயங்காலமே சின்னவள் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அட்டவணையும் தேதிகளும் 1, 2, 3க்குத் திரும்பின. பெரியவளும் தன் பங்குக்கு இறங்கிவந்தாள். பக்கத்தின் ஓரத்தில் 47, அதன் அருகில் கொஞ்சம் சின்னதாக ௪௭. பொருளடக்கத்திலும் அதே ஜோடி. பத்துக்குறி போச்சே என்று சித்தப்பா ஒரு தரம் முனகினார், அப்புறம் மறந்துவிட்டார்.

அறையைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தன்று முன்வரிசையில் நகரசபையிலிருந்து வந்த அம்மா. பின்னால் பெரியவர்கள், தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத அவர்கள் பிள்ளைகள். சித்தப்பா எழுந்து நாற்பத்தேழாம் பக்கத்தை எடுக்கச் சொன்னார், இரண்டு மொழியிலும். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் தாள்கள் சரசரத்தன. யாரும் பக்கத்து ஆளை எட்டிப்பார்க்கவில்லை. பெரியவளுக்கு அந்தச் சத்தம் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

சின்னவள் யார் பெயரையும் போடவில்லை. பெயர் சொல்ல அவளுக்கு உரிமையும் இல்லை. சித்தப்பாதான் சட்டையைச் சரிசெய்துகொண்டு, எழுபத்திரண்டு என்று இருக்கும் வரியைப் பாருங்கள், அது நான் என்றார். நகரசபை அம்மா வரியில் விரலை வைத்தார், நிமிர்ந்து அவரைப் பார்த்தார், மறுபடி வரியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், அவர் தலையசைத்தார். அறை உங்களுக்கே என்று கூட்டம் முடியும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அறை திறந்ததும் முதல் ஆளாக வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் சித்தப்பாதான். பெரியவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கருவியைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுத்தாள். எந்த எண்ணில் எழுதட்டும் சித்தப்பா என்று வேண்டுமென்றே சீண்டினாள்.

“எனக்கு உறைக்கிற எண்ல எழுதும்மா” என்றார் அவர்.

அவள் 148 என்று எழுதினாள். சித்தப்பா அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.