சேஷகிரி கடை மிளகாய்த்தூள்

இரண்டு கண்ணாடி டம்ளர் கிடைத்தால் போதும், ருக்மிணி ஐம்பது பெண்களை வாயடைக்க வைத்துவிடுவாள். அவள் ஒன்றும் பெரிய பேச்சாளி இல்லை. நாலு பேருக்கு முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் நிறைந்த டம்ளரின் மேல் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைத் தூவிவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள் பாருங்கள், குழாயடியில் ஊரையே கூட்டுகிற பெண்கள்கூட அப்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். பிள்ளைகள் வளர்ந்து கை ஓய்ந்ததும், காக்ஸ் டவுனில் நாலைந்து பெண்கள் சேர்ந்து நடத்திய நுகர்வோர் குழுவில் சேர்ந்தாள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பேட்டையில் கூட்டம். கடைத் தெருவில் சில்லறையாக வாங்கிய தூள் ஒரு டம்ளரில், தன் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்துவந்த தூள் இன்னொன்றில். கெட்டது எது என்று காட்டினால் மட்டும் போதாது, நல்லது எப்படி இருக்கும் என்பதையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

கடைத்தூள் தண்ணீரைத் தொட்டதும் சிவப்பு நூல் நூலாகக் கீழே இறங்கும். வீட்டுத்தூள் மேலே மிதந்து, பிறகு சாவகாசமாக அடியில் போய் உட்காரும். தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். "இது எங்க அண்ணன் மில்லுல அரைச்சது," என்பாள் ருக்மிணி. அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு நாக்கு ஒட்டாது.

அண்ணன் சேஷகிரிக்கு சிவாஜிநகரில் மசாலா மில்லும் கடையும் இருந்தன. அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மில்லில் கணக்கு எழுதப் போனவர், பின்னால் அந்த மில்லையே வாங்கினார். தங்கையைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார். இன்றுவரை அவள் வீட்டு மஞ்சள், மிளகாய், தனியா எல்லாம் அவர் கையால்தான். டப்பா காலியாகும் முன்பே அடுத்தது வந்துவிடும். அப்பா இல்லை என்ற குறை அவளுக்குத் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம் சேஷகிரி. அப்படி ஒரு அண்ணன் இருந்தால் யார்தான் ஊரெல்லாம் சொல்ல மாட்டார்கள்?

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "அப்போ நாங்க எங்கதான் வாங்கறது?" அவள் கடைக்கு வழி சொல்வாள். அந்தப் பெண்கள் பஸ் ஏறிப்போய் வாங்குவார்கள்.

தொண்ணூற்றொன்பது ஆவணியில் ஜீவனஹள்ளியில் கூட்டம். பிள்ளையார் கோயிலை ஒட்டிய சின்ன கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். ருக்மிணி பையைத் திறந்தாள். டம்ளர்கள் இருந்தன, சோதனைக்குழாய்கள் இருந்தன, தடித்த துணியில் சுற்றிய அமில பாட்டில் இருந்தது. வீட்டு டப்பாக்களைச் சமையலறை மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அய்யோ, நல்லதை மறந்துட்டு கெட்டதை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கேனே!"

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த வைஷ்ணவி எழுந்தாள். தருமபுரியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கணவனுக்கு ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன கூட்டத்துக்கும் வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, எதுக்கு கவலைப்படறீங்க? நீங்க சொன்னதிலேர்ந்து நான் உங்க அண்ணன் கடையிலதான் வாங்கறேன். அடுத்த தெருதான் வீடு. ரெண்டு நிமிஷம்."

குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் மிளகாய்த்தூள் ஒன்று, மஞ்சள்தூள் ஒன்று என்று இரண்டு பாக்கெட் கொண்டுவந்தாள். மேலே 'சேஷகிரி' என்று கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் ருக்மிணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் கடைத்தூள். சிவப்பு இறங்கியது. "பாருங்க, மொளகாயோட இயற்கை நிறம் இப்படித் தண்ணியில ஓடாது. சாயம்தான் ஓடும். ஆனா ஒண்ணு, எண்ணெயில கரையற சாயமும் இருக்கு. அது இந்த டம்ளர்ல தெரியாது, லேபுக்குத்தான் அனுப்பணும்." பிறகு வைஷ்ணவியின் மிளகாய்த்தூள் பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இரண்டாவது டம்ளரில் தூவினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

சிவப்பு நூல் ஒன்று இறங்கியது. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு.

டம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தாள். அவளே எழுந்துபோய்க் குழாயில் கழுவி, முந்தானையால் துடைத்து, வேறு தண்ணீர் பிடித்து, மறுபடி தூவினாள். மறுபடியும் இறங்கியது. வைஷ்ணவி மஞ்சள் பாக்கெட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள்.

ருக்மிணி சோதனைக்குழாயில் கொஞ்சம் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கினாள். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இளஞ்சிவப்பு பொங்கி வந்தது. அதற்காக அவள் பயப்படவில்லை. அமிலம் பட்டால் நல்ல மஞ்சளும்தான் சிவக்கும். அதைப் பார்த்ததுமே கலப்படம் என்று கத்தக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்பவளே அவள்தானே. நிறைய தண்ணீர் விட்டால் அந்தச் சிவப்பு போய்விட வேண்டும். போகாமல் நின்றால்தான் தூளில் சாயம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, சோதனைக்குழாயில் இருந்ததை மெதுவாக அதில் ஊற்றினாள். போய்விடு, போய்விடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது போகவில்லை. பாத்திரம் முழுக்க ரோஸ் நிறமாக நின்றது.

டம்ளர்மேல் பழியைப் போட்டுவிட்டு அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். யார் மறுக்கப் போகிறார்கள்? வைஷ்ணவியே தலையாட்டியிருப்பாள்.

"இதுலயும் சாயம் இருக்கு," என்றாள் ருக்மிணி. "இதை யாரும் சாப்பிடாதீங்க."

வைஷ்ணவி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, இவளுக்கு ஆறு மாசம் முடிஞ்சதும் பருப்பு சாதம் ஆரம்பிச்சேன். அதுல இந்த மஞ்சளைத்தான் போடறேன். நீங்க சொன்னீங்கன்னுதான்..." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஏதாவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்களேன் என்பது போல முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு என்றாள் ருக்மிணி.

அன்று ராத்திரி கணவர் சுந்தரராமன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நீ டம்ளர்ல பாத்தது கோர்ட்டுக்கு ஆகாது. விட்டுடு ருக்மிணி, அண்ணாகிட்ட தனியா சொல்லிக்கலாம்," என்றார். அவர் சொன்னதும் சரிதான். வீட்டுச் சோதனை சந்தேகத்தைத்தான் காட்டும். நிரூபிக்க வேண்டுமானால் கடையில் வாங்கி அரசாங்க ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்புகிறவர் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று கலப்படச் சட்டத்தில் இருந்தது. கூட்டங்களில் அந்த வரியை அவளே எத்தனையோ தடவை படித்துக் காட்டியிருக்கிறாள்.

ஆனால் அவளுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அண்ணனை யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும். மண்டியிலிருந்து வந்த சரக்கிலேயே சாயம் இருந்திருக்கும், பாவம், அவருக்கு எங்கே தெரியும்? மறுநாள் சிவாஜிநகர் பஸ்ஸில் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

கடையில் சேஷகிரி கல்லாவில் இருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "வாம்மா ருக்கு! போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே, இந்த வெயில்ல ஏன்? இரு, காபி சொல்றேன்."

"காபி வேண்டாம் அண்ணா. மொளகாய்த்தூள் வேணும்."

"அதுக்குள்ள ஆயிடுச்சா?"

அவர் உள்ளே போவதற்குள் ருக்மிணி முன்வரிசை அலமாரியிலிருந்து ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டையும் ஒரு மஞ்சள் பாக்கெட்டையும் எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். சேஷகிரி திரும்பி வந்து அவற்றைச் சட்டென்று எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். சின்ன வயதில் தெருக்குழாய்த் தண்ணீரைக் குடிக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாரே, அதே வேகம்.

"அது உனக்கு வேண்டாம். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் தனியா அரைச்சு உள்ள வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். ருக்மிணி கேட்க வந்த கேள்விக்கு, கேட்காமலே பதில் வந்துவிட்டது. யாரும் அவரை ஏமாற்றவில்லை.

"எத்தனை வருஷமா தனியா அரைக்கற அண்ணா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்தார். "நல்ல மொளகாய்க்கு இந்த நிறம் வராது ருக்கு. மங்கலா இருந்தா பழசுன்னு திருப்பிக் கொண்டாந்து மூஞ்சில அடிக்கறாங்க. எல்லாரும் போடறதைத்தான் நானும் போடறேன். அதுவும் துளி." பிறகு குரல் உயர்ந்தது. "உனக்கு என்னிக்காவது கொடுத்திருக்கேனா? சொல்லு. உன் பிள்ளைங்க தட்டுல ஒரு துளி விழ விட்டிருக்கேனா?"

அதை அவர் நியாயம் கேட்பதுபோல் கேட்டார். மனசார, பெருமையாகக் கேட்டார். இத்தனை கூட்டங்களில் ருக்மிணி நல்லது என்று தூக்கிக் காட்டியதெல்லாம் அண்ணனின் பாசத்தைத்தான். அதைக் கடைச்சரக்கு என்று நம்பி எத்தனை பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள்!

"அந்த ரெண்டு பாக்கெட்டையும் கொடு அண்ணா. பில் போட்டுக் கொடு."

"எதுக்கு?"

"சோதனைக்கு அனுப்பப் போறேன். வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட சொல்லணும். அதான் சொல்றேன்."

கடைக்காரர் என்ற வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. சேஷகிரி அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. பில் புத்தகத்தை எடுத்து எழுதி, பாக்கெட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பிறகு உள்ளே போய் இரண்டு டப்பாக்களோடு வந்தார்.

"இதையும் எடுத்துட்டுப் போ. வீட்டுல தீர்ந்திருக்கும். இனிமே நீ வரமாட்ட."

வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

பாக்கெட்டுகளைக் குழு அலுவலகத்தில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, அண்ணன் கொடுத்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாள். அவர் கொடுத்ததை வீட்டுக்குள் வைத்து அவள் சோதிப்பது அதுவே முதல் தடவை. ஒரே ஒரு நூல் இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இறங்கினால் அவர் எல்லோரையும் ஏமாற்றுகிற ஒரு வியாபாரி, அவ்வளவுதான் என்று ஆகிவிடும். வெறுத்துத் தலைமுழுகிவிடலாம்.

தூள் மேலே மிதந்தது. எண்ணெயில் கரைகிற சாயமாக இருக்குமோ என்று ஒரு கணம் ஆசைகூடப் பட்டாள். ஆனால் அந்த மங்கிய நிறத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பார்த்துப் பார்த்து வாங்கிக் காம்பு கிள்ளி அரைத்த வெறும் மிளகாய். அது மெதுவாக அடியில் போய்ப் படிந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ருக்மிணி மேடையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்று வாய்விட்டு அழுதாள்.